மூடிய முனையில் கணுவா, எதிர்க்கணுவா? 4 மதிப்பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல்

இளநிலை இயற்பியல் முதலாண்டில், அலைகள் பற்றிய தாளில், எந்தக் கல்லூரியிலும் வரக்கூடிய 10 மதிப்பெண் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 75 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய். ஒரு முனை மூடியது, மறுமுனை திறந்தது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். (அ) முதல் மேற்சுரத்தின் அதிர்வெண் என்ன? (ஆ) அப்போது குழாய்க்குள் உண்டாகும் நிலை அலையை வரைக. (இ) ஒரு சிறிய மைக்ரோஃபோனை மூடிய முனையிலிருந்து திறந்த முனை வரை குழாய்க்குள் மெல்ல நகர்த்தினால், எந்த இடங்களில் அது உச்ச ஒலியைக் காட்டும்? மதிப்பெண்கள் முறையே 3, 3, 4.

ஒரு மாணவி (அ) பகுதிக்கு 340 ஹெர்ட்ஸ் என்று எழுதி முழு மதிப்பெண் பெறுகிறாள். (ஆ) பகுதியில் அவள் வரைந்த வளைகோடு மூடிய முனையில் உச்சத்தில் தொடங்கித் திறந்த முனையில் சுழியாக முடிகிறது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. (இ) பகுதிக்கு அவள் எழுதியது 0 செ.மீ., 50 செ.மீ.; விடைக்குறிப்பில் இருப்பது 25 செ.மீ., 75 செ.மீ. அங்கேயும் பெருக்கல் குறி. ஆக 7 மதிப்பெண் போயிற்று. அவள் தன் ஆசிரியைக்கு எழுதும் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

பொருள்: அலைகள் தாள், 7ஆம் வினா (இ) பகுதி – ஓர் ஐயம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் இயற்பியல் முதலாண்டு மாணவி. திருத்திய விடைத்தாள் கிடைத்தது. 7ஆம் வினாவில் (ஆ), (இ) இரண்டு பகுதிகளுக்கும் எனக்கு மதிப்பெண் இல்லை. வகுப்பில் தாங்கள் தந்த விடைக்குறிப்பை என் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். (இ) பகுதி குறித்து எனக்கு ஓர் ஐயம்.

மைக்ரோஃபோன் உச்சம் காட்டும் இடங்கள் மூடிய முனையிலிருந்து 25 செ.மீ., 75 செ.மீ. என்று விடைக்குறிப்பில் உள்ளது. காற்றின் இடப்பெயர்ச்சி மிக அதிகமாக இருக்கும் இடங்கள் இவை என்று புரிந்துகொள்கிறேன். நான் 0 செ.மீ., 50 செ.மீ. என்று எழுதியிருந்தேன். மைக்ரோஃபோன் அழுத்த மாற்றத்தைத்தான் உணர்கிறது என்று எண்ணி, அழுத்தத்தின் எதிர்க்கணுக்களைக் குறித்தேன். இந்த எண்ணம் சரியென்றால் என் விடையும் பொருந்தும் என்று தோன்றுகிறது. இதில் எங்காவது நான் பிழையாகப் புரிந்துகொண்டிருந்தால் சுட்டிக்காட்டும்படி வேண்டுகிறேன்.

(ஆ) பகுதியில் நான் வரைந்ததும் அழுத்த வரைபடமே. ஆனால் செங்குத்து அச்சில் அதைக் குறிப்பிடவில்லை. அங்கே மதிப்பெண் குறைந்த காரணம் எனக்குப் புரிகிறது. அதை மறுபார்வைக்குக் கேட்கவில்லை.

விடைத்தாளின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் துறைக்கு நேரில் வரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
(பெயர், பதிவு எண், பிரிவு)

இந்தக் கடிதத்தின் உயிர் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: மைக்ரோஃபோன் அழுத்த மாற்றத்தைத்தான் உணர்கிறது என்பது. அது சரியென்றால் 4 மதிப்பெண்ணும் அவளுக்கு உரியவை. தவறென்றால் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் பயனில்லை. ஆகவே அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்ப்போம்.

குழாய்க்குள் ஒலி என்றால் காற்று முன்னும் பின்னும் அசைவது. பாடப்புத்தகத்தில் குழாய்க்குள் வரைந்திருக்கும் வளைகோட்டைப் பார்க்கும் மாணவர் பலர், காற்று பாம்புபோல் மேலும் கீழும் நெளிகிறது என்றே நினைத்துவிடுகிறார்கள். அப்படி எதுவும் நெளிவதில்லை. ஒவ்வொரு மெல்லிய காற்றடுக்கும் குழாயின் நீளவாக்கில் தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் அந்த வளைகோட்டின் உயரம் சொல்கிறது. காதைத் துளைக்கும் அளவுக்கு உரத்த ஒலியிலும் இந்த விலகல் மிகச் சிறியது. நம் 340 ஹெர்ட்ஸ் ஒலியில் அழுத்த வீச்சு 1 பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், காற்றடுக்கின் விலகல் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த 1 பாஸ்கலும்கூட வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. இவற்றில் எதை வரைகிறோம் என்று சொல்லாமல் ‘நிலை அலையை வரைக’ என்று கேட்டதில்தான் சிக்கலின் தொடக்கம் இருக்கிறது.

மூடிய முனையில் காற்று சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுவருக்குள் புக முடியாது, சுவரை விட்டு விலகவும் முடியாது. எனவே அங்கே விலகல் எப்போதும் சுழி. அது இடப்பெயர்ச்சியின் கணு. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அசையாத அந்த இடத்தில் அழுத்தம் என்ன ஆகிறது? திருவிழாக் கூட்டம் ஒரு மதிலை நோக்கி நெருக்கும்போது மதிலோடு ஒட்டி நிற்பவரால் ஓர் அடிகூட நகர முடியாது; நெரிசல் அவருக்குத்தான் அதிகம். காற்றிலும் அதுவே நடக்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் அடுக்குகள் சுவரை நோக்கி வரும்போது சுவரருகே காற்று இறுகுகிறது. அரை அலைவு நேரம் கழித்து அவை விலகும்போது அதே இடத்தில் காற்று தளர்கிறது. விலகல் சுழியாக இருக்கும் இடத்தில் அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்குகிறது.

75 செ.மீ.க்கு வருவோம். அங்கே குழாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. அடுக்குகள் தடையில்லாமல் வெளியே போய் உள்ளே வருகின்றன, விலகல் உச்சம். ஆனால் வெளியே இருக்கும் பெரிய காற்றுவெளி, வாய்ப்பகுதியின் அழுத்தத்தை வளிமண்டல அளவிலேயே பிடித்து வைக்கிறது. அழுத்த மாற்றம் அங்கே ஏறத்தாழ சுழி. 25 செ.மீ. இன்னும் தெளிவான இடம். அதன் இருபுறமும் உள்ள அடுக்குகள் ஒரே நேரத்தில், ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே அளவு நகர்கின்றன. எல்லோரும் ஒன்றாக நகர்ந்தால் இடைவெளி மாறாது. இடைவெளி மாறாவிட்டால் இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. 50 செ.மீ.யிலோ இருபுறத்து அடுக்குகளும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன; ஒரு கணம் அந்த இடத்தை நோக்கி நெருங்கி, அடுத்த அரை அலைவில் விலகிப் போகின்றன. அதனால் அங்கேயும் அழுத்தம் உச்சம்.

சமன்பாட்டில் இது ஒரே வரி. x இடத்தில் உள்ள அடுக்கின் விலகல் s, காற்றின் பருமக்குணகம் B என்றால், மிகை அழுத்தம்

p = −B (∂s/∂x)

அழுத்தம் விலகலைப் பொறுத்ததல்ல. இடத்துக்கு இடம் விலகல் மாறும் சாய்வைப் பொறுத்தது. விலகல் வளைகோடு உச்சத்தில் தட்டையாக இருக்கும் இடத்தில் சாய்வு சுழி. அது அச்சை வெட்டும் இடத்தில் சாய்வு மிக அதிகம். எனவே இடப்பெயர்ச்சியின் கணு ஒவ்வொன்றும் அழுத்தத்தின் எதிர்க்கணு, மறுதலையும் அப்படியே. மாணவி வரைந்த வளைகோடும் விடைக்குறிப்பில் இருக்கும் வளைகோடும் ஒரே நிலை அலையைப் பற்றியவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

இனி மைக்ரோஃபோன். குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய மைக்ரோஃபோன் என்றால், கைப்பேசியிலும் காதணிக்கருவியிலும் இருக்கும் வகையைத்தான் சொல்கிறோம். அதில் ஒரு மெல்லிய சவ்வு; சவ்வின் பின்னால் மூடிய சிறு அறை. முன்பக்க அழுத்தம் ஏறினால் சவ்வு உள்ளே போகிறது, இறங்கினால் வெளியே வருகிறது. காற்று எந்தப் பக்கமாக அசைகிறது என்பது அதற்குத் தெரியாது. அழுத்தம் மட்டுமே தெரியும். ஆகவே 0, 50 என்ற விடை சரி. ரிப்பன் மைக்ரோஃபோன் என்று இன்னொரு வகை உண்டு. அதில் உலோக நாடா இருபுறமும் திறந்த நிலையில் தொங்கும். இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டுக்கு, அதாவது காற்றின் அசைவுக்கு, ஏற்ப அது ஆடும். அதை இந்த நிலை அலையில் வைத்தால் உச்சம் 25, 75 செ.மீ.யில் வரும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் கருவி அது. ‘சிறிய மைக்ரோஃபோன்’ என்று வினாவில் சொன்னால் யாருக்கும் அது நினைவுக்கு வராது. ஆனாலும் மாணவி ‘இந்த எண்ணம் சரியென்றால்’ என்று எழுதியது வெறும் பணிவு அல்ல. விடை எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. அந்தச் சொற்கள் அதற்கு இடம் விட்டு வைக்கின்றன.

இந்த இரட்டைத்தன்மையைப் பழைய ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1860களில் பாரிஸில் ஒலியியல் கருவிகள் செய்துவந்த ருடால்ஃப் கோனிக், ஆர்கன் குழாயின் பக்கச் சுவரில் துளையிட்டு, அதை மெல்லிய சவ்வால் மூடி, சவ்வுக்கு மறுபக்கம் எரிவாயு ஓடும் சிற்றறை ஒன்றை வைத்தார். அறையிலிருந்து வரும் வாயு சிறு சுடராக எரியும். குழாய்க்குள் அழுத்தம் ஏறி இறங்கினால் சுடர் துடிக்கும். இருமுனையும் திறந்த குழாய் அடிப்படைச் சுரத்தில் ஒலிக்கும்போது நடுவில் உள்ள சுடர்தான் மிக அதிகமாகத் துடிக்கும். அதே குழாய்க்குள், மணல் தூவிய மெல்லிய சவ்வு வளையத்தை நூலில் கட்டி இறக்கினால், முனைகளின் அருகே மணல் துள்ளும், நடுவில் அடங்கிவிடும். சுடர் சொல்வது அழுத்தத்தை, மணல் சொல்வது அசைவை. ஜெர்மனியில் ஆகஸ்ட் குண்ட் 1866இல் விவரித்த தூள்குழாயும் அசைவைக் காட்டும் கருவிதான்: காற்று அதிகம் ஆடும் இடங்களில் தூள் கிளறப்பட்டு வரிவரியாகிறது, ஆடாத இடங்களில் கிடந்தபடி கிடக்கிறது. நம் பாடநூல்களில் குண்ட் குழாய் நிச்சயம் இருக்கும், கோனிக்கின் சுடர் அரிதாகவே வரும். இடப்பெயர்ச்சி வரைபடம் மட்டுமே மாணவர் மனதில் பதிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

விடைக்குறிப்பு எழுதிய ஆசிரியையின் பக்கத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை செய்யும்போது நாம் காதைக் குழாயின் வாயருகேதானே வைக்கிறோம்? இசைக்கவையைப் பிடித்து நீர்மட்டத்தை இறக்க இறக்க, ஒரு நீளத்தில் வாயிலிருந்து ஒலி திடீரென்று உரக்கக் கேட்கிறதே? அங்கே அழுத்தம் சுழி என்றால் எதைக் கேட்கிறோம்?

நாம் கேட்பது குழாய்க்குள் இருக்கும் ஒலியை அல்ல, வாயிலிருந்து வெளியே பரவும் ஒலியை. ஒத்ததிர்வின்போது வாய்ப்பகுதிக் காற்று ஓர் உந்துதண்டுபோல் வேகமாக உள்ளும் புறமும் ஓடி, வெளிக்காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் அறையெங்கும் ஒலியாகப் பரவுகிறது. உள்ளே மூடிய முனையில் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு அதிகமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே நம் காது போக முடியாது, அவ்வளவுதான். ‘ஒத்ததிர்வு எப்போது நிகழ்கிறது’ என்று அறிய வாயருகே கேட்பது சரியான முறை. ‘குழாய்க்குள் எங்கே உச்சம்’ என்ற கேள்விக்கு அது விடை தராது.

வாயில் அழுத்தம் துல்லியமாகச் சுழியும் அல்ல. வாயைத் தாண்டியும் சிறிது தூரம் காற்று சேர்ந்தே ஆடுவதால், அழுத்தக் கணு வாய்க்குச் சற்று வெளியே அமைகிறது. இதுவே முனைத்திருத்தம். மெல்லிய சுவருள்ள குழாய்க்கு அது ஆரத்தைப்போல் ஏறத்தாழ 0.6 மடங்கு. குழாயின் ஆரம் 2 செ.மீ. என்றால் 1.2 செ.மீ.; பயன்படு நீளம் 76.2 செ.மீ. முதல் மேற்சுரத்தில் இந்த நீளத்தில் முக்கால் அலைநீளம் அடங்குவதால் அலைநீளம் 101.6 செ.மீ., அதிர்வெண் 335 ஹெர்ட்ஸ். அழுத்தக் கணு 25.4 செ.மீ.யிலும், அடுத்த எதிர்க்கணு 50.8 செ.மீ.யிலும் வருகின்றன. சரியாக வாயில் வைத்த மைக்ரோஃபோன், மூடிய முனையில் காட்டியதில் ஏறத்தாழ 7 சதவீதம் காட்டும். வினாவில் ஆரம் தரப்படவில்லை, ஆகவே தேர்வில் 340 ஹெர்ட்ஸ், 50 செ.மீ. என்பதே எதிர்பார்க்கும் விடை. மின்னஞ்சலில் இதையெல்லாம் மாணவி இழுத்துப்போடாதது நல்லது. மதிப்பெண் கேட்கும் கடிதத்தில் வினாவில் இல்லாத திருத்தங்களைச் சேர்த்தால் மையக் கேள்வி மங்கிவிடும்.

துறைக்கு நேரில் போகும் நாளில், மேசைமேலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். 75 செ.மீ. நீளமும் 4 செ.மீ. உள்விட்டமும் உள்ள பிவிசி குழாய் ஒன்று, அதன் ஒரு முனைக்கு இறுக்கமான மூடி, வாய்க்கு எதிரே சற்றுத் தள்ளி வைத்த சிறு ஒலிபெருக்கி, விறைப்பான கம்பியில் கட்டிய எலெக்ட்ரெட் மைக்ரோஃபோன். கைப்பேசிச் செயலி எழுப்பும் சுரத்தை 320 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல உயர்த்தி, மூடிய முனையருகே மைக்ரோஃபோன் உச்சம் காட்டும் அதிர்வெண்ணில் நிறுத்த வேண்டும். அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் என்றால் ஒலியின் வேகம் 349 மீட்டராக இருக்கும். அதனால் ஒத்ததிர்வு 335இல் வராமல் 343 ஹெர்ட்ஸ் அருகே வரும். இதைக் கண்டு விடை தவறிவிட்டது என்று பதற வேண்டாம். ஒத்ததிர்வில் கணுக்கள் இருக்கும் இடம் குழாயின் நீளத்தைத்தான் பொறுத்தது. வெப்பத்தால் மாறுவது அதிர்வெண் மட்டுமே.

இங்கே ஒரு செய்முறை நுணுக்கம் உண்டு. உச்சத்தைத் தேடினால் இடம் சரியாகப் பிடிபடாது. 50.8 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. தள்ளிப்போனாலும் அளவு 5 சதவீதம்தான் குறையும். காதுக்கோ செயலியின் ஆடும் முள்ளுக்கோ அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் கணுவின் அருகே நிலைமை வேறு. 25.4 செ.மீ.யிலிருந்து 1 செ.மீ. விலகினாலே அளவு சுழியிலிருந்து உச்சத்தின் 6 சதவீதத்துக்கு ஏறிவிடும். எனவே ஒலி அடங்கும் இடத்தைத்தான் தேட வேண்டும். 25 செ.மீ.யை ஒட்டி ஒலி அடங்கினால் மாணவியின் விடை சரி; அங்கே உச்சம் வந்தால் விடைக்குறிப்பு சரி. இரண்டு விடைகளும் அந்த ஓரிடத்தில் நேரெதிராக மோதுவதால், ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். மைக்ரோஃபோன் குழாயின் குறுக்களவில் பெரும்பகுதியை அடைக்கும் அளவுக்குப் பெரியதாக இருந்தால் மட்டும் அளவீட்டை நம்பக் கூடாது. அது நகர நகர ஒத்ததிர்வே இடம் மாறும்.

மறுபடியும் (ஆ) பகுதி. அங்கே மாணவி எதுவும் கேட்கவில்லை. நான் ஆசிரியையாக இருந்தால் அதற்கும் 3இல் 2 கொடுத்திருப்பேன். அவள் வரைந்த வளைகோட்டில் கணுக்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் சரி. இரு முனைகளின் நிலையும் அழுத்தத்துக்குச் சரி. அச்சில் பெயர் இல்லாததற்கு 1 மதிப்பெண் குறைக்கலாம். ஆனால் வினாவும் எதை வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. குறை இருபக்கமும் இருக்கிறது. அவள் அதை மறுபார்வைக்குக் கேட்காமல் விட்டது கடிதத்துக்கு வலிமை சேர்க்கிறது என்பதும் உண்மை. தன் பக்கக் குறையைத் தானே எடுத்துச் சொல்பவர் மீதியைப் பற்றிச் சொல்வதை, திருத்தியவர் நின்று படிப்பார். அதோடு, அழுத்த வரைபடம் என்பது (இ) பகுதிக்காகப் பின்னால் கண்டுபிடித்த சாக்கு அல்ல, தேர்வு அறையிலேயே அவள் அழுத்தத்தைத்தான் நினைத்திருந்தாள் என்பதற்கு (ஆ) பகுதியின் படமே சான்றாகிறது. பக்கத்தைப் படமெடுத்து இணைத்ததன் பயன் இதுதான்.

இதே விடைக்குறிப்பில் திருத்திய மற்ற தாள்களையும் ஆசிரியை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 0, 50 என்று எழுதி மதிப்பெண் இழந்து, எழுதிக் கேட்கத் தயங்கிய வேறு மாணவர்களும் அந்தக் கட்டில் இருக்கலாம். அடுத்த பருவத்தில் இந்த வினாவை இப்படிக் கேட்டால் போதும்: ‘முதல் மேற்சுரத்தில் குழாயின் நீளவாக்கில் (i) காற்றின் இடப்பெயர்ச்சி வீச்சு, (ii) அழுத்த மாற்றத்தின் வீச்சு ஆகியவற்றைத் தனித்தனி வரைபடங்களாக, அச்சுகளுக்குப் பெயரிட்டு வரைக. அழுத்தத்தை உணரும் ஒரு சிறிய மைக்ரோஃபோன் எந்த இடங்களில் உச்சமும் எந்த இடங்களில் சுழியும் காட்டும்?’